பெப்ரவரிக்கு 30ஆம் திகதி இல்லை என்பதற்கு என் மச்சான் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?

கொஞ்சம் நீளமான பதிவு. மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் யாராவது 29, 30, 31 ஆகிய திகதிகளில் கடனோ லீசிங்கோ எடுத்திருந்தால் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். மற்றவர்களும் வாசித்தால் நல்லது, நாளைக்கு நீங்களும் எடுப்பீர்கள்.

என் தங்கையின் கணவர் ஓட்டோ ஓடுகிறார். காலையும் பகலும் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் அவரது நிரந்தர வருமானம். பெற்றோர் மாதக் கடைசியில்தான் காசு கொடுப்பார்கள். அதனால் 2024 ஜனவரி 30ஆம் திகதி லீசிங்கில் ஓட்டோ எடுத்தபோது, மாதாமாதம் 30ஆம் திகதி தவணை என்று சொன்னதும் அவருக்குச் சந்தோஷம். 24 தவணை, ஒரு தவணைக்கு 18,500 ரூபா. பிணை கேட்டார்கள். அரசாங்க உத்தியோகம் என்பதால் நம்ம ஊரில் ஆசிரியர்களைத்தானே பிணைக்குத் தேடுவார்கள்? நான் கையெழுத்து வைத்தேன்.

மச்சான் ஒரு தவணையும் விடவில்லை. மாதம் முடிய முன்னர், 30ஆம் திகதி, காசு போடும் மெஷினில் போட்டுவிட்டுச் சிட்டையை எடுத்து வைத்துக்கொள்வார். பெப்ரவரியில் மட்டும் மாதத்தின் கடைசி நாளில் போடுவார். இந்த வருடம் ஜனவரி 30ஆம் திகதி கடைசித் தவணையையும் போட்டார். அடுத்த வாரம் வண்டிப் புத்தகத்தை எடுக்கப் போனவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 6,110 ரூபா 50 சதம் நிலுவையாம். அதைக் கட்டினால்தான் புத்தகமாம். அதே கிழமை, பிணையாளி என்ற முறையில் எனக்கும் ஒரு கடிதம் வந்தது. "தொடர்ச்சியாகத் தவணை பிந்திச் செலுத்தப்பட்டுள்ளது" என்று எழுதியிருந்தது.

"மச்சான், நான் ஒரு மாசமும் பிந்தல்ல. எல்லாச் சிட்டையும் இரிக்கி" என்று ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். அழாத குறை. உண்மையைச் சொல்கிறேன், அந்த டின்னைத் திறக்கும்வரை எனக்கும் அவர்மீது ஒரு சந்தேகம் இருந்தது. மெஷின் சிட்டைகளில் பாதிக்கு எழுத்து மங்கிப்போய்விட்டது. இருந்தாலும் கணக்குக் கூற்றில் எல்லாத் திகதியும் இருந்தது. ஒரு மாதமும் 30ஐத் தாண்டவில்லை.

அப்படியானால் பிந்தியது எப்படி? கிளைக்குப் போய் முழுத் தவணை அட்டவணையையும் அச்செடுத்துத் தரச் சொன்னேன். அதில் இருந்தது இதுதான்.

முதல் தவணை 2024 பெப்ரவரி 29. சரி, அது லீப் வருடம். பெப்ரவரிக்கு 30 இல்லை, 29தான் கடைசி நாள். இரண்டாவது தவணை மார்ச் 29. ஏன்? மார்ச்சுக்கு 30 இருக்கிறதே? மூன்றாவது ஏப்ரல் 29. பிறகு 2025 ஜனவரி வரைக்கும் எல்லாம் 29. அடுத்து 2025 பெப்ரவரி 28. அதன்பிறகு மார்ச் 28, ஏப்ரல் 28, மே 28 என்று 2026 ஜனவரி 28இல் போய் முடிகிறது.

பார்த்தீர்களா? 30இல் தொடங்கிய கடன். முதல் பெப்ரவரி ஒரு நாளைக் கழித்தது, திருப்பிக் கொடுக்கவில்லை. இரண்டாவது பெப்ரவரி இன்னொரு நாளைக் கழித்தது, அதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. மச்சான் 30 என்று நினைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கணினி முதல் வருடம் 29 என்றும் இரண்டாம் வருடம் 28 என்றும் எண்ணிக்கொண்டிருந்தது.

இனி கணக்கைப் பார்ப்போம். 2ஆம் தவணையிலிருந்து 12ஆம் தவணை வரை 11 தவணைகள், ஒவ்வொன்றும் ஒரு நாள் பிந்தியதாகப் பதிவாகியிருக்கிறது. 13ஆவது பெப்ரவரித் தவணை, அது சரி. 14 முதல் 24 வரை மீண்டும் 11 தவணைகள், ஒவ்வொன்றும் இரண்டு நாள். 11உம் 22உம் சேர்த்து 33 நாட்கள். பிந்தும் தவணைக்கு மாதம் 3 வீதம் தண்டம் என்பதால் ஒரு நாளைக்கு 18 ரூபா 50 சதம். 33 நாளைக்கு 610 ரூபா 50 சதம். அது பெரிய காசில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் "நினைவூட்டல் கட்டணம்" 250 ரூபா. 22 தடவைக்கு 5,500. மொத்தம் 6,110.50. சதத்துக்குச் சதம் சரியாக வந்தது. கணக்குப் பிழைக்கவில்லை, திகதி பிழைத்திருக்கிறது.

நினைவூட்டல் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி. "எல்லா மாசமும் வாற மெசேஜ்தானே, நான் எப்படியும் கட்டத்தானே போறேன்" என்று மச்சான் விட்டுவிட்டார்.

கிளை உத்தியோகத்தர் நல்ல பிள்ளை, என்னிடம் படித்தவர்களின் வயதுதான் இருக்கும். அவர் சொன்ன முதல் பதில்: "சேர், அது சிஸ்டம் போடுற திகதி. நாங்க கை வைக்க ஏலாது."

இந்தப் பதிலை நான் ஏற்கமாட்டேன். சிஸ்டம் வானத்திலிருந்து இறங்கவில்லை. அடுத்த திகதியை எங்கிருந்து எண்ணுவது என்று ஒரு மனிதன்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்தான். எண்ணுவதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஒவ்வொரு தவணையையும் கடன் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுவது. ஜனவரி 30இலிருந்து ஒரு மாதம், ஜனவரி 30இலிருந்து இரண்டு மாதம், மூன்று மாதம் என்று. பெப்ரவரியில் 30 இல்லாவிட்டால் அந்த மாதத்துக்கு மட்டும் கடைசி நாள். மார்ச்சில் மீண்டும் 30. மற்றது, முந்திய தவணையிலிருந்து ஒரு மாதம் கூட்டுவது. பெப்ரவரி 29க்கு ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 29. கடன் 30இல் தொடங்கியது என்ற விஷயமே அங்கே மறந்துபோகிறது. மறந்தது திரும்பி வராது.

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மைதானத்தில் கோடு போட்டவர்களுக்கு இது புரியும். பத்து மீற்றருக்கு ஒரு அடையாளம் வைக்கவேண்டும் என்றால், நாடாவைத் தொடக்கக் கோட்டில் பிடித்து 10, 20, 30 என்று குறிக்க வேண்டும். பையன்கள் அப்படிச் செய்யமாட்டார்கள். குறித்த இடத்திலிருந்து அடுத்த பத்தை அளப்பார்கள். ஓர் இடத்தில் ஒரு சாண் பிழைத்தால் அதற்குப் பிறகு வரும் எல்லா அடையாளமும் ஒரு சாண் பிழைக்கும். இன்னோர் இடத்தில் பிழைத்தால் அதுவும் சேரும். மச்சானின் அட்டவணையில் நடந்தது இதேதான்.

இன்னும் இலகுவாகச் சொல்கிறேன். ஒரு வருடம் ரமழான் 29இல் முடிகிறது. அதனால் ஷவ்வாலும் இனி வரும் எல்லா மாதமும் 29இல்தான் முடிய வேண்டும் என்று யாராவது சொல்வோமா? ஒவ்வொரு மாதத்துக்கும் பிறையைத் தனியாகத்தான் பார்க்கிறோம். குறைந்த மாதத்தின் குறை அந்த மாதத்தோடு முடிந்துவிட வேண்டும்.

உத்தியோகத்தரின் இரண்டாவது பதில்: "சேர், அட்டவணையில கஸ்டமர் சைன் வைச்சிருக்கார்." இது கொஞ்சம் கனமான பதில்தான். உண்மையில் மச்சான் கையெழுத்து வைத்திருந்தார். பக்கத்தில் பிணையாளியாக என் கையெழுத்தும் இருந்தது. ஆசிரியர் என்று பெயர், வாசிக்காமல் வைத்த கையெழுத்து. ஆனால் அதே ஒப்பந்தத்தின் உள்ளே, தவணை பற்றிய வாசகத்தில் "ஒவ்வொரு மாதமும் 30ஆம் திகதி, அத்திகதி இல்லாத மாதத்தில் அம்மாதத்தின் இறுதி நாள்" என்று தெளிவாக இருந்தது. வாசகம் ஒன்று சொல்கிறது, இணைத்த அட்டவணை இன்னொன்று சொல்கிறது. இரண்டையும் எழுதியவர்கள் அவர்களே. அப்படியிருக்கும்போது பிழையின் விலையை வாசிக்கத் தெரியாதவன் கட்ட வேண்டும் என்பது என்ன நியாயம்?

உங்கள் ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வாசகம் இல்லாமல் அட்டவணை மட்டும் இருந்தால் நிலைமை வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்போது 28 என்று போட்டிருந்தால் 28தான். பிறகு போய்ச் சண்டை பிடிப்பது கஷ்டம். கையெழுத்துக்கு முன்னர்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது பதில், இதைக் கிளைக்கு வெளியேயும் பலபேர் என்னிடம் சொன்னார்கள்: "ரெண்டு நாள்தானே சேர். கம்பனிக்கும் காசு பிந்தினா நட்டம்தானே."

நட்டமா? மச்சானின் கடனில் வட்டி நாள் கணக்கில் போடப்படவில்லை. பெப்ரவரி 28 நாளுக்கும் ஜூலை 31 நாளுக்கும் ஒரே முறையில், மாதக் கணக்கில்தான் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் எல்லாத் தவணையும் 18,500. அட்டவணை 28க்கு நகர்ந்தபோது தவணைத் தொகை ஒரு சதம் குறைந்ததா? இல்லை. 24 மாதத்துக்கான வட்டியை முழுசாக எடுத்துக்கொண்டு, கடனை 24 மாதத்துக்கு இரண்டு நாள் குறைவாக முடிக்கச் சொல்கிறது அந்த அட்டவணை. நாள் நகர்ந்ததால் கம்பனிக்குக் கிடைத்தது இலாபம். அந்த இலாபத்தை மச்சான் கொடுக்காததற்குத்தான் 22 தடவை தண்டம். வட்டி கூடுமா கூடாதா என்பது வேறு பேச்சு, அதை இங்கே இழுக்கவில்லை. முராபஹா என்று பெயர் போட்டு எடுத்தாலும் தவணைத் திகதியை எண்ணும் வேலை இதேதான், பிழை வந்தால் இதே மாதிரித்தான் வரும்.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நான் கம்பனியை மட்டும் ஏசிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அன்றிரவு ஒரு யோசனை வந்தது. எங்கள் ஆசிரியர் நலன்புரிச் சங்கத்தில் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறோம். பிந்தினால் 100 ரூபா தண்டம். அந்தக் கடன் தாளை எக்செலில் செய்து கொடுத்தது யார்? நான்தான். திறந்து பார்த்தேன். இப்படி எழுதியிருந்தேன், A2இல் கடன் திகதி:

```
A3:  =EDATE(A2,1)
A4:  =EDATE(A3,1)
```

முந்திய வரியிலிருந்து ஒரு மாதம். கம்பனி செய்த அதே பிழை, என் கையால்.

ஒரு ஆசிரியை 2024 ஜூலை 31இல் கடன் எடுத்து, பத்துத் தவணையையும் அந்தந்த மாதத்தின் கடைசி நாளில் கொண்டுவந்து தந்திருக்கிறார். என் தாளில் ஓகஸ்ட் 31 சரி. செப்டம்பரில் 30 ஆனது. ஒக்டோபருக்கு 31 இருந்தும் 30 என்றே நின்றது. பெப்ரவரியில் 28 ஆனது, பிறகு மே வரை 28. ஒக்டோபர், டிசம்பர், ஜனவரி, மார்ச், ஏப்ரல், மே என்று ஆறு மாதம் அவரைப் பிந்தியவர் ஆக்கி 600 ரூபா தண்டம் எடுத்திருக்கிறோம். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கணக்குப் பாடம் படிப்பிக்கிற சேர் செய்த தாள்தானே, சரியாத்தான் இரிக்கும் எண்டு நினைச்சன்" என்றார். காசைத் திருப்பிக் கொடுத்தோம். அந்த வார்த்தையை நான் எங்கே திருப்பிக் கொடுப்பேன்?

தாளைத் திருத்தியது ஒரு வரியில்தான்:

```
A3:  =EDATE($A$2,ROW()-ROW($A$2))
```

இதை A3இல் எழுதிக் கீழே இழுத்துவிட்டால், ஒவ்வொரு வரியும் முதல் திகதியிலிருந்தே எண்ணும். பெப்ரவரியில் இறங்கும், மார்ச்சில் ஏறும். ஊரில் தவணைக்கு ஃபோன், ஃப்ரிஜ், தளபாடம் கொடுக்கும் கடைக்காரச் சகோதரர்கள், ஜமாஅத் கடன் திட்டங்களின் பொருளாளர்கள், மாதர் சங்கக் கணக்குப் பார்ப்பவர்கள் இன்றைக்கே உங்கள் தாளைத் திறந்து பாருங்கள். சிலர் `DATE` வைத்து மாதத்துக்கு ஒன்று கூட்டியிருப்பீர்கள். அது இன்னொரு விதமாகப் பிழைக்கும். 2025 பெப்ரவரி 30 என்று கேட்டால் அது மார்ச் 2 என்று காட்டும். பெப்ரவரியில் தவணையே இருக்காது.

கடன் எடுப்பவர்களுக்கு மூன்று விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, கையெழுத்துக்கு முன்னர் முழு அட்டவணையையும் கேளுங்கள். எல்லா வரியையும் பார்க்கத் தேவையில்லை. பெப்ரவரிக்கு அடுத்து வரும் மார்ச் வரியை மட்டும் பாருங்கள். கடன் 30இல் தொடங்கி, மார்ச் வரியில் 30 இருந்தால் திகதி திரும்பி வந்திருக்கிறது. 28 அல்லது 29 இருந்தால் வரவில்லை, பேனையைக் கீழே வையுங்கள். 31இல் தொடங்கிய கடன் என்றால் 30 நாள் மாதத்துக்கு அடுத்து வரும் 31 நாள் மாதத்தைப் பாருங்கள். ஏப்ரல் 30 முடிந்து மே 31 வர வேண்டும்.

இரண்டாவது, ஏப்ரல் 30, ஜூன் 30 போல மாதத்தின் கடைசி நாளில் எடுக்கும் கடனில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. அடுத்த தவணை மே 30ஆ, மே 31ஆ? "30ஆம் திகதி" என்பதும் "மாதத்தின் கடைசி நாள்" என்பதும் இரண்டு வேறு ஒப்பந்தம். சில கணினித் திட்டங்கள் முதலாவதாக எடுக்கும், சில இரண்டாவதாக எடுக்கும். எது என்று எழுத்தில் வாங்குங்கள். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் தவணை நாளை 5 அல்லது 10 என்று கேட்டு வாங்குங்கள். 28 வரையுள்ள எந்தத் திகதியும் எல்லா மாதத்திலும் இருக்கிறது, அது நகராது. முதல் தவணை சில நாள் தள்ளிப்போகும், அந்தச் சில நாளுக்கு ஒரு தடவை மட்டும் மேலதிக வட்டி கேட்பார்கள். எவ்வளவு என்று முன்னரே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, ஏற்கனவே தண்டம் விழுந்திருந்தால் வாயால் கேட்டு அலையாமல் எழுத்தில் கொடுங்கள். நான் கிளை முகாமையாளருக்கும் தலைமைக் காரியாலய முறைப்பாட்டுப் பிரிவுக்கும் ஒரே கடிதம் அனுப்பினேன். ஒப்பந்த வாசகத்தின் பிரதி, அவர்களது அட்டவணை, பக்கத்திலேயே 30 என்று எண்ணினால் வரும் அட்டவணை, கட்டிய திகதிகள். நான்கு தாள், அவ்வளவுதான். மெஷின் சிட்டை மங்கிவிடும், போட்ட அன்றே படம் எடுத்து வையுங்கள். நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டும் தீராவிட்டால், மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறைப்பாடு செய்யலாம். மத்திய வங்கியின் கீழ் வரும் வங்கிகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்கும்தான் அது பொருந்தும். கடைத் தவணைக்குப் பொருந்தாது.

எங்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை. இரண்டு கிழமையில் பதில் வந்தது. "நல்லெண்ண அடிப்படையில் 6,110.50 ரூபா விலக்களிக்கப்படுகிறது." மச்சானுக்குப் புத்தகம் கிடைத்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "இனி விடுங்க மச்சான்" என்றார்.

நான் விடவில்லை. அதற்குத்தான் இந்தப் பதிவு. நல்லெண்ணம் என்றால் என்ன? தப்புச் செய்தவனை மன்னித்துவிட்டார்கள் என்று அர்த்தம். மச்சான் எந்தத் தப்பும் செய்யவில்லை. தப்பு அட்டவணையில். அதைத் திருத்தினோம் என்று அந்தக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. அப்படியென்றால் அதே கிளையில் 29, 30, 31இல் எடுத்த மற்றவர்களின் திகதி இன்றைக்கும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பிணை நிற்க ஒரு வாத்தியார் இல்லாதவன், எக்செல் திறக்கத் தெரியாதவன், "சரி, போகட்டும்" என்று 6,000 ரூபாவைக் கட்டிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போயிருப்பான். நம்ம ஊரிலேயே எத்தனை பேர் அப்படிக் கட்டினார்களோ.

எனக்குச் சலுகை வேண்டாம். திருத்தம் வேண்டும். அட்டவணையை எண்ணும் முறையை மாற்றி, ஏற்கனவே எடுத்த தண்டத்தை, கேட்டவனுக்கு மட்டும் இல்லாமல் கேட்காதவனுக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாங்கள் எங்கள் சங்கத்தில் 600 ரூபாவுக்கு அதைச் செய்தோம். அவர்களாலும் முடியும்.

இன்றிரவு உங்கள் ஃபைலைத் திறந்து, அந்த மார்ச் வரியை ஒரு தடவை பாருங்கள். உம்மா வாப்பாவின் கடனையும் பாருங்கள். 30இல் எடுத்து 28 என்று இருந்தால் ஒப்பந்தத்தையும் அட்டவணையையும் எடுத்துக்கொண்டு பாடசாலை விட்ட பிறகு வாருங்கள். கடிதம் எழுத நான் இருக்கிறேன்.